தீபாவளி போனஸ் அறிவிப்பு

தீபாவளி போனஸ் அறிவிப்பு என்பது இந்தியாவில் ஒரு நிறுவனமோ அரசோ தன் தொழிலாளர்களில் யாருக்கு, எவ்வளவு, எந்த நாளுக்குள் போனஸ் வழங்கப்படும் எனத் தெரிவிக்கும் ஆவணமாகும். பண்டிகைப் பரிசு போலத் தோன்றினாலும், இதன் பின்னால் அரை நூற்றாண்டு காலத் தொழிலாளர் வழக்குகள் உள்ளன.

முன்பு வாரச் சம்பளம் இருந்தது, ஆண்டுக்குப் 13 சம்பளம் கிடைத்தது, மாதச் சம்பளம் வந்தபோது இழந்த ஒரு மாதத்துக்கு ஈடாகவே போனஸ் தோன்றியது என்று ஒரு கதை தீபாவளிதோறும் கைப்பேசிகளில் வலம் வருகிறது. வரலாறு வேறு. முதல் உலகப் போர்க்கால விலையேற்றத்தை ஈடுகட்ட 1917இல் பம்பாய் பஞ்சாலைகள் 'போர் போனஸ்' கொடுத்தன. போர் முடிந்த பிறகும் அது சில ஆண்டுகள் தொடர்ந்தது. 1923ஆம் ஆண்டுக்கு ஆலை முதலாளிகள் அதனைத் தர மறுத்ததால் 1924இல் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. விசாரித்த குழுவுக்குத் தலைவர் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி நார்மன் மெக்லியாட். போனஸைச் சட்டப்படி கேட்கத் தொழிலாளருக்கு உரிமை இல்லை என்று அக்குழு கூறியது. அதாவது, அது முதலாளி மனமுவந்து தரும் கொடை.

இந்நிலையை மாற்றியது 1950இல் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வகுத்த சூத்திரம். தேய்மானம், இயந்திரப் புதுப்பிப்பு, மூலதனத்துக்கான வருவாய் முதலியவற்றைக் கழித்தபின் மிஞ்சும் இலாபத்தில் தொழிலாளருக்கும் பங்குண்டு என்பது அதன் சாரம். இதனின்று வேறானது பூஜை போனஸ். கல்கத்தா நிறுவனம் ஒன்றின் வழக்கில் 1959இல் உச்ச நீதிமன்றம், நட்டம் வந்த ஆண்டிலும் விடாமல் நெடுங்காலம் ஒரே வீதத்தில் கொடுக்கப்பட்ட பண்டிகை போனஸ் வேலை ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாகிவிடும் என ஏற்றது.

மெஹர் தலைமையிலான ஆணையத்தின் பரிந்துரைக்குப் பின், 1965இல் போனஸ் வழங்கல் சட்டம் வந்தது. நட்டமானாலும் 4 விழுக்காடு, மிகுந்தால் 20 விழுக்காடு என வரம்பு கட்டியது. 1972இல் குறைந்த அளவு 8.33 ஆயிற்று. இது பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். மேற்சொன்ன கைப்பேசிக் கதைக்கு இந்த எண்ணே காரணமாக இருக்கலாம். நெருக்கடி நிலையின்போது 1975இல் அது மீண்டும் 4 ஆகக் குறைக்கப்பட்டது. 1977இல் ஜனதா அரசு 8.33ஐத் திரும்பக் கொண்டுவந்தது.

அறிவிப்பைப் படிப்போர் பெரும்பாலும் தடுமாறுவது இரு உச்சவரம்புகளில்தான். 2015ஆம் ஆண்டுத் திருத்தப்படி மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவருக்கே தகுதி. ஆனால் கணக்கிடுவதற்கு எடுத்துக்கொள்ளும் சம்பளம் 7,000 ரூபாய், அல்லது அவ்வேலைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம், இவற்றில் எது அதிகமோ அது. 7,000 ரூபாய் பொருந்தும் இடத்தில், 18,000 ரூபாய் வாங்கும் ஒருவர் '20 விழுக்காடு' என்ற செய்தியைக் கேட்டு 43,200 ரூபாய் எதிர்பார்த்தால் ஏமாறுவார். அவருக்குக் கிடைப்பது 84,000 ரூபாயில் 20 விழுக்காடு, அதாவது 16,800 ரூபாய். அவரே அக்டோபர் முதல் நாள் சேர்ந்து மார்ச் முடிய ஆறு மாதம் மட்டும் வேலை செய்திருந்தால் 8,400 ரூபாய். அடிப்படைச் சம்பளம் எது என்று சொல்லாமல் விழுக்காட்டை மட்டும் கூறும் அறிவிப்பு அரைகுறையானது.

தமிழ்நாடு அரசு பொதுத்துறை நிறுவனங்களுக்கு வெளியிடும் அறிவிப்பில் '8.33 விழுக்காடு போனஸ், 11.67 விழுக்காடு கருணைத்தொகை' என்று இரண்டாகப் பிரித்திருப்பதைக் காணலாம். முதலாவது சட்டம் கட்டாயமாக்கிய பங்கு. இரண்டாவது அரசு தன் விருப்பப்படி சேர்ப்பது. ஆகவேதான் 2020இல் கருணைத்தொகை 1.67 ஆகச் சுருங்கி மொத்தம் 10 விழுக்காடு ஆனபோதும், 8.33 அசையவில்லை. 'கருணை' என்ற சொல் 1924இன் கொடைப் பேச்சை நினைவூட்டுகிறது.

தகுதிக்கு, கணக்காண்டில் குறைந்தது 30 வேலை நாள்கள் வேலை செய்திருக்க வேண்டும். சம்பளத்துடன் கூடிய விடுப்பும் மகப்பேறு விடுப்பும் வேலை நாள்களாகவே எண்ணப்படும். திருட்டு, மோசடி, பணியிடத்தில் வன்முறை ஆகியவற்றுக்காக வேலைநீக்கம் செய்யப்பட்டவருக்கு போனஸ் இல்லை. 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு 1965ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தன்னுள் சேர்த்துக்கொண்டபோது, பாலியல் துன்புறுத்தலுக்காகத் தண்டிக்கப்படுவதும் இப்பட்டியலில் இடம்பெற்றது.

பணம் கொடுக்கும் நாளைப் பொறுத்தவரை, சட்டம் எந்தப் பண்டிகையையும் குறிப்பிடவில்லை. கணக்காண்டு முடிந்த எட்டு மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்றே 1965ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. மார்ச் 31இல் கணக்கு முடிக்கும் நிறுவனத்துக்குக் கடைசி நாள் நவம்பர் 30. தீபாவளி அதற்குள் வந்துவிடுவதால் இரண்டும் ஒன்றாயின. பண்டிகைக்கு முன்பே கொடுத்த தொகையை, ஆண்டு போனஸில் கழித்துக்கொள்ளவும் அச்சட்டம் இடமளித்தது.