தருமம்: ஒரு சொல், பல பொருள்

பாலாற்றைக் கடந்து மைசூர்ப் பகுதிக்குக் குடிபெயர்ந்த தமிழர்க்குப் பழகிய சொல்லொன்று பொருள் மாறித் தோன்றும். நம் பேச்சில் 'தருமம்' பெரும்பாலும் ஈகையைக் குறிக்கும். கன்னட விண்ணப்பத் தாளிலோ 'தர்ம' என்னும் இடத்தில் சமயத்தையே எழுத வேண்டும்.

கன்னட நாட்டுப் பிரம்மகிரியில் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகர் பொறித்த சாசனம், பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் பணிதல், உயிர்களிடத்து இரக்கம், வாய்மை ஆகியவற்றையே தம்மம் என்கிறது. அங்கு அது ஒவ்வொருவரின் கடமை. 1958-இல் காந்தகாரில் கண்டெடுக்கப்பட்ட அவரது சாசனத்தில், கிரேக்கப் பகுதி அச்சொல்லைப் 'பக்தி' என்னும் பொருளிலும், அரமேயப் பகுதி 'வாய்மை' என்னும் பொருளிலும் பெயர்த்தன.

சமயம் என்னும் பொருள் வலுப்பெற்றது 19-ஆம் நூற்றாண்டில், மேனாட்டார் தம் சமயச் சொல்லுக்கு வடமொழியில் ஈடு தேடியபோதுதான். அப்பொருளை அசோகர்மேல் ஏற்றினால், அவர் கேட்ட கடமை மறைந்து போகும்.