தோற்றப்படத்தின் அடியில் எழுதவேண்டியது: அப்புத்தளைச் சரிவொன்றை முன்வைத்து

கட்டட அனுமதிக்கான விண்ணப்பங்களோடு இப்போது செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய தோற்றப்படங்களும் வரத் தொடங்கிவிட்டன. அவற்றின் மூலையில் பொடி எழுத்தில் ‘விளக்கத்துக்கு மட்டும்’ என்று ஒரு வரி இருக்கும். மலைச்சரிவுக் காணிகளைப் பொறுத்தவரை அந்த ஒரு வரி போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். படத்தில் எது வரைபடத்திலிருந்து வந்தது, எது கணினி இட்டு நிரப்பியது என்பதைப் படக்குறிப்பு பெயர் சொல்லிப் பிரித்துக் காட்ட வேண்டும். அப்படிப் பிரிக்காத குறிப்பு விண்ணப்பதாரருக்கு ஒரு தற்காப்பாக மட்டுமே பயன்படும். படத்தைப் பார்ப்பவருக்கு அது எதையும் சொல்வதில்லை.

கையால் தீட்டிய நீர்வண்ணத் தோற்றப்படங்களுக்கு ஒற்றை வரி போதுமானதாக இருந்தது. தூரிகைக் கோடே அது ஓவியம் என்று அறிவித்துவிடும். முப்பரிமாண மாதிரியிலிருந்து எடுக்கப்படும் வழக்கமான ரெண்டரில் பளபளப்பு மிகுந்திருக்கலாம்; ஆனால் சுவரின் உயரமும் தரையின் மட்டமும் வரைஞர் இட்ட அளவுகளிலிருந்தே வரும். உருவாக்கப்பட்ட படம் இவ்விரண்டிலிருந்தும் வேறானது. மாதிரியின் திரைப்பிடிப்பையோ காணியின் ஒளிப்படத்தையோ கொடுத்தால், மென்பொருள் தான் கற்ற ஏராளமான படங்களில் இப்படிப்பட்ட இடம் எப்படித் தோன்றியதோ அதற்கேற்ப ஒவ்வொரு பகுதியையும் புதிதாக வரைகிறது. கட்டடத்தின் வெளிக்கோடு பெரும்பாலும் தப்பிவிடும். அதைச் சுற்றியுள்ளதுதான் மாறிப்போகும்: செங்குத்தான வெட்டு புல்மேடாகும், மழைநீர்க் கான் காணாமல் போகும், மின்கம்பம் மறையும், ஒடுங்கிய பாதை அகலும். முடிவில் கையில் கிடைப்பது ஒளிப்படம் போன்ற ஒன்று. அதை ஓவியமென்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

அப்புத்தளையில் இது ஏன் பாரதூரமானது? மலைத்தொடரின் முகட்டில் அமர்ந்த ஊர் அது; தெற்கே நிலம் சட்டென்று விழுகிறது. அந்தத் தெற்குக் காட்சிக்காகவே விடுதிகள் எழுகின்றன. பதுளை மாவட்டம் மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் ஒன்றாதலால், சரிவில் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு இடர் மதிப்பீட்டு அறிக்கை தேவைப்படுகிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அது இதே மலைத்தொடரின் தென்சரிவு. அந்த நிறுவனத்தின் புவியியலாளர் சரிவின் கோணத்தையும், மண்படையின் தடிப்பையும், நீர் வழிந்தோடும் பாதையையும் பார்க்கிறார். படத்தை உருவாக்கும் மென்பொருள் மிகத் தாராளமாக மாற்றிவிடுவதும் இவற்றைத்தான்.

ஒரு கற்பனை விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். தம்பதென்னை வீதிக்குக் கீழே பன்னிரண்டு அறைகள் கொண்ட ஒரு விடுதி. வெட்டுமுக வரைபடத்தின்படி வீதிமட்டத்துக்கும் கட்டடத் தரைமட்டத்துக்கும் ஒன்பது மீற்றர் வித்தியாசம். அதைத் தாங்க மூன்று மீற்றர் உயரத்தில் படிப்படியாக இரண்டு தாங்குசுவர்கள். எஞ்சிய மூன்று மீற்றர் சரிவாக விடப்படுகிறது. கட்டடத்துக்குக் கீழே நாற்பது மீற்றர் தூரத்தில் ஒரு லயம். உருவாக்கப்பட்ட படத்திலோ தேயிலைச் செடிகள் வீதியிலிருந்து கட்டடம் வரை மெல்ல இறங்கி வருகின்றன. தாங்குசுவர் இல்லை. லயம் இருந்த இடத்தில் மூடுபனி.

அடியில் ‘விளக்கத்துக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தால் யார் என்ன தெரிந்துகொள்வார்? தொழில்நுட்ப உத்தியோகத்தர் வெட்டுமுகத்தைப் படித்துக்கொள்வார். அவருக்குப் படமே தேவையில்லை. வெட்டுமுகம் படிக்கப் பழகாத சபை உறுப்பினரும், கீழே லயத்தில் இருப்பவரும் படத்தை மட்டுமே படிக்கிறார்கள். விளக்கத்துக்கானது எது, கட்டடத்தின் நிறமா தாங்குசுவரா என்று அந்த வரி அவர்களுக்குச் சொல்வதில்லை. திரைச்சீலை மாறலாம் என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். தம் தலைக்கு மேலே ஆறு மீற்றர் கொங்கிறீற்றுச் சுவர் வரப்போகிறது என்பது அந்த வரியிலிருந்து தெரியவராது.

இந்த விண்ணப்பத்துக்கு நான் முன்வைக்கும் குறிப்பு இது:

‘இது செயற்கை நுண்ணறிவு மூலம் உருவாக்கப்பட்ட படம்; ஒளிப்படம் அல்ல. கட்டடத்தின் இடம், மாடிகளின் எண்ணிக்கை, கூரையின் உயரம் ஆகியவை வரைபடம் 3, 5 ஆகியவற்றுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டன. நிலத்தின் சரிவு, மரஞ்செடிகள், பாதை, பின்னணி ஆகியவை உண்மை நிலையைக் காட்டவில்லை. வீதிப்பக்கம் வரவுள்ள இரண்டு தாங்குசுவர்களும் கீழேயுள்ள லயமும் படத்தில் இல்லை. அவற்றை வரைபடம் 7இல் காண்க. இப்படம் அனுமதிக்குரிய வரைபடத் தொகுதியில் சேராது.’

இதில் நான்காவது வாக்கியமே முக்கியமானது. படத்தில் கூடுதலாக இருப்பதைச் சொல்லும் குறிப்புகள் அரிதாகவாவது உண்டு. விடுபட்டதைச் சொல்பவை எனக்குத் தெரிந்து இல்லை. மலையில் ஆபத்து விடுபட்டதில்தான் இருக்கிறது. கடைசி வாக்கியத்துக்கும் காரணமுண்டு. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தோடு ஒப்பிட்டே பின்னர் இணக்கச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. தோற்றப்படமும் தொகுதிக்குள் தைக்கப்பட்டு முத்திரை பெற்றுவிட்டால், ஒன்றுக்கொன்று முரணான இரண்டு தாள்கள் அங்கீகாரம் பெற்றதாகிவிடும். பிணக்கு எழும்போது எந்தத் தாளைக் காட்டுவது என்பது அவரவர் வசதியைப் பொறுத்ததாகிவிடும்.

‘சரிபார்க்கப்பட்டன’ என்ற சொல்லை எழுதுமுன் உண்மையிலேயே சரிபார்த்திருக்க வேண்டும். அது கடினமான வேலையல்ல. அதே கோணத்தில் எடுத்த மாதிரியின் திரைப்பிடிப்பை, பாதி ஒளிபுகும்படி படத்தின் மேல் வைத்துப் பார்த்தால் போதும். கூரை விளிம்பு விலகியிருந்தால் கோடு இரட்டையாகத் தெரியும். யன்னல்களை எண்ண வேண்டும். மென்பொருள் ஒன்றிரண்டைக் கூட்டியோ குறைத்தோ விடுவது வழக்கம். பிறகு கட்டடம் மண்ணைத் தொடும் கோட்டை விரலால் தொடர்ந்து போக வேண்டும். பிழைகள் அங்கேதான் குவிந்திருக்கும்.

படம் எதற்குப் பொறுப்பேற்கிறது என்று வகுத்துச் சொல்வது புதிய யோசனையல்ல. லண்டன் மாநகரின் காட்சிப் பாதுகாப்பு வழிகாட்டி, 2012ஆம் ஆண்டுப் பதிப்பில், சரிபார்த்த காட்சிப்படங்களை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. முதல் நிலை இடத்தையும் பருமனையும் மட்டும் காட்டும்; அடுத்தது எவ்வளவு கண்ணுக்குப் படும் என்பதையும், அதற்கடுத்தது கட்டட வடிவத்தையும், கடைசி நிலை கட்டுமானப் பொருட்களையும் சேர்த்துக் காட்டும். நமது பிரதேச சபைகளிடம் அந்த அளவுக்கு நில அளவைச் செலவை எதிர்பார்க்க முடியாது. பொறுப்பின் எல்லையைப் படத்திலேயே எழுதும் ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு எழுதுவதற்குப் பதில் இத்தகைய படங்களைத் தடுத்துவிடலாமே என்ற எதிர்வாதத்துக்கு வலுவுண்டு. ஆனால் படம் விண்ணப்பத்தில் இல்லாவிட்டாலும் விளம்பரத்திலும் வட்ஸ்அப்பிலும் ஊருக்குள் வந்துவிடும், அங்கே குறிப்பே இருக்காது. ஆகவே குறிப்பு தாளின் ஓரத்தில் இல்லாமல் படத்தின் உள்ளேயே, கீழ்ப்பட்டையில், பதிந்திருக்க வேண்டும். படத்தை மட்டும் வெட்டியெடுத்து அனுப்பினாலும் அது கூடவே போகும். ஏ3 தாளை ஏ4 ஆகச் சுருக்கிப் பிரதியெடுத்தாலும் வாசிக்கக்கூடிய எழுத்து வேண்டும். சிங்களமும் தமிழும் நிருவாக மொழிகளான அப்புத்தளைப் பிரிவில் ஆங்கிலத்தில் மட்டும் எழுதப்பட்ட குறிப்பை, எழுதப்படாத குறிப்பாகவே கொள்ள வேண்டும்.

குறிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. நிலத்தின் சரிவையே பொய்யாகக் காட்டும் படத்தை எந்த வாசகமும் நேராக்காது. கண் பார்த்ததை அடிக்குறிப்பு அழிப்பதில்லை. மேலே சொன்ன விடுதிக்கு நியாயமான வழி, தாங்குசுவர்களையும் லயத்தையும் மாதிரியிலேயே வரைந்து, அந்தப் பகுதியை மென்பொருள் தொடாமல் மறைத்துவைத்து, படத்தை மறுபடி உருவாக்குவது. அதன் பிறகு குறிப்பின் நான்காவது வாக்கியம் தேவையே இல்லை. ஊவாவின் நகர சபைகளும் பிரதேச சபைகளும் இதற்கெனப் புதிய சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். சரிபார்த்தவற்றையும் விடுபட்டவற்றையும் பெயர் சொல்லாத தோற்றப்படத்தை, விண்ணப்பம் ஏற்கும் மேசையிலேயே திருப்பிக் கொடுக்கட்டும்.