கைகழுவும் தொட்டியின் மேலெழும் அடைப்பான்

மேலெழும் அடைப்பான் என்பது கைகழுவும் தொட்டியின் (வாஷ்பேசின்) வடிதுளையை மூடவும் திறக்கவும் பயன்படும் ஓர் அமைப்பு ஆகும். குழாயின் பின்புறம் நிற்கும் சிறு தண்டை மேலே இழுத்தால் துளை மூடும். கீழே அழுத்தினால் திறக்கும். வட அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளில் இது பரவலாகக் காணப்படுகின்றது. அடைப்பானையே விரலால் அழுத்தித் திறக்கும் வகை வேறானது. அதில் தூக்குத் தண்டு இல்லை.

செயற்படும் முறை

தூக்குத் தண்டின் கீழ்முனை, தொட்டிக்கு அடியில், பல துளைகள் கொண்ட ஒரு தட்டையான உலோகப் பட்டையுடன் திருகாணியால் இணைக்கப்பட்டிருக்கும். பட்டையின் ஒரு துளை வழியே கிடைத்தண்டு செல்கிறது; ஒரு வில் கவ்வி அதைப் பிடித்து வைக்கிறது. கிடைத்தண்டிலுள்ள குண்டு, வடிகுழாயின் பக்கத்தில் ஒரு மரையால் இறுக்கப்பட்டுள்ளது. தண்டின் உள்முனை அடைப்பானின் அடியைத் தொடும்.

இது ஒரு நெம்புகோல். குண்டே அதன் சுழலிடம். ஆகவே வெளிமுனை உயர்ந்தால் உள்முனை தாழ்ந்து அடைப்பான் மூடும். பழுது பார்ப்போர் பலர் இத்தலைகீழ்த் தன்மையை மறந்தே பட்டையைத் தவறான திசையில் நகர்த்துகின்றனர்.

நீர் தங்காமை

முதலில் தொட்டியில் நீர் நிரப்பி, அடைப்பானை விரலால் நன்கு அழுத்திப் பார்த்தல் வேண்டும். அப்போது நீர் நின்றால் குறை இணைப்பில் உள்ளது. அப்போதும் இறங்கினால் பட்டையைத் திருத்துவதில் பயனில்லை. அடைப்பானின் இரப்பர் வளையம் தேய்ந்திருக்கலாம், அதனடியில் முடி சிக்கியிருக்கலாம், அல்லது வடிதுளை விளிம்பின் கீழுள்ள பூச்சு விட்டிருக்கலாம். இக்கடைசிக் குறையைக் கண்டறிவது கடினம். விளிம்பின் அடியால் நுழையும் நீர், மிகை நீர் வழியின் துளைகள் ஊடாக வடிகுழாய்க்குள்ளேயே சென்றுவிடுவதால் வெளியே ஒரு துளியும் சொட்டாமல் இருக்கக்கூடும்.

மூடிய அடைப்பான் சிறிது நேரத்தில் தானாகவே மேலெழுந்தால், குண்டைப் பிடித்திருக்கும் மரை தளர்ந்துள்ளது. பட்டையின் எடை வெளிமுனையைக் கீழே இழுக்கிறது. மரையைச் சிறிது இறுக்கினால் போதும்; மிகவும் இறுக்கினால் தண்டு அசையாது.

தூக்குத் தண்டைத் திருத்துதல்

அடைப்பானை முழுதும் மூடிய நிலையில் வைத்து, பட்டைத் திருகாணியைத் தளர்த்தி, தூக்குத் தண்டை மேலே இழுத்த நிலையில் பிடித்துக்கொண்டு மீண்டும் இறுக்க வேண்டும். துருப்பிடித்த திருகாணிக்குக் குறடு தேவைப்படும். பின்னர் தண்டை அழுத்தி, அடைப்பான் போதிய அளவு திறக்கிறதா எனப் பார்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: குண்டிலிருந்து உள்முனை 3 செ.மீ., பட்டை கோக்கப்பட்ட இடம் 9 செ.மீ. எனக் கொள்வோம். பட்டை 3 மி.மீ. நகர்ந்தால் அடைப்பான் 1 மி.மீ. நகரும். தண்டின் முழு நகர்வு 21 மி.மீ. என்றால் அடைப்பானின் நகர்வு 7 மி.மீ. மட்டுமே. இத்தொட்டியில் தண்டை இழுத்தபின்னும் 3 மி.மீ. இடைவெளி எஞ்சுகிறது, அழுத்தினால் 10 மி.மீ. திறக்கிறது. தூக்குத் தண்டின்மீது பட்டையை 9 மி.மீ. மேலேற்றினால் துளை மூடிவிடும், ஆனால் திறப்பு 7 மி.மீ. ஆகக் குறைந்து நீர் மெதுவாக வடியும். ஒரு குறையைத் தீர்த்தால் மற்றொன்று தோன்றுவது இதனாலேயே.

இந்நிலையில் பட்டையை உயர்த்தியும் தாழ்த்தியும் பொழுது கழிப்பது வீண். கவ்வியைக் கழற்றி, கிடைத்தண்டின்மீது பட்டையைக் குண்டுக்கு அருகே, 6 செ.மீ. தொலைவுக்கு நகர்த்த வேண்டும். அதே 21 மி.மீ. நகர்வு இப்போது அடைப்பானை 10.5 மி.மீ. நகர்த்தும். மூடிய நிலையில் திருகாணியை மறுபடி இறுக்கினால் இரண்டும் நிறைவேறும். தண்டை இழுக்கச் சற்றுக் கூடுதல் விசை தேவைப்படும்.

திறவாமை

தண்டை அழுத்தியும் பட்டை அசையவில்லை எனில் திருகாணி நழுவியுள்ளது. பட்டை அசைந்தும் கிடைத்தண்டு அசையவில்லை எனில் கவ்வி கழன்றுள்ளது. தொட்டி நிறைய நீர் நிற்கும்போது, கிடைத்தண்டின் வெளிமுனையைக் கையால் கீழே அழுத்தினால் அடைப்பான் எழும். வெளிமுனை தடையின்றி ஆடியும் அடைப்பான் எழாவிடின், தண்டின் உள்முனை அரிக்கப்பட்டு முறிந்திருக்கலாம், அல்லது அடைப்பானின் அடியிலுள்ள துளையிலிருந்து விலகியிருக்கலாம். முறிந்திருந்தால் தண்டை மாற்றுவதே வழி. மரையைக் கழற்றும் முன் தொட்டி நீரை முகந்து அகற்றி, அடியில் வாளி வைத்தல் வேண்டும். இல்லையேல் எஞ்சிய நீர் அத்துளை வழியே கொட்டும்.

சில அடைப்பான்களின் அடியில் துளை இல்லை. அவை கிடைத்தண்டின்மீது வெறுமனே அமர்ந்திருக்கும். இவற்றைக் கையால் எளிதில் வெளியே எடுக்கலாம். தண்டு இவற்றை மேலே தள்ளுமேயன்றிக் கீழே இழுக்காது. மூடுவது தம் எடையால்தான் என்பதால், இவ்வகை அடைப்பான் படியாதபோது சுவரில் ஒட்டிய சோப்புப் படிவை முதலில் துடைத்துப் பார்க்க வேண்டும்.