தஞ்சை பெரிய கோயில் படம் நிஜமா, கம்ப்யூட்டர் வேலையா? விமானத்தின் அளவு எங்கே தப்பாகிறது?

தஞ்சை பெரிய கோயிலின் 3டி படங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், யூடியூப் தம்ப்நெயில், விழா வாழ்த்து அட்டை என எல்லா இடத்திலும் சுற்றுகின்றன. கல்லின் நிறம், வெயில், மேகம் எல்லாம் போட்டோ மாதிரியே இருக்கும். ஆனாலும் அந்தக் கோயிலை நேரில் பார்த்தவருக்கு ஏதோ ஒன்று இடிக்கும். 'இது நம்ம பெரிய கோயில் மாதிரி இல்லையே' என்று தோன்றும். காரணம் பெரும்பாலும் நிறமோ வெளிச்சமோ இல்லை, அளவுதான். விமானத்தின் அளவு எங்கெல்லாம் தப்பாகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? இதோ விளக்கம்.

முதலில், கோபுரமா விமானமா?

பெரிய கோயிலில் வானத்தைத் தொடுவது போல நிற்பது கோபுரம் அல்ல, விமானம். கருவறைக்கு மேல் எழுவது விமானம்; வாசலுக்கு மேல் எழுவது கோபுரம். மதுரை, ஸ்ரீரங்கத்தில் வாசல் கோபுரங்கள்தான் உயரம். தஞ்சையில் தலைகீழ். கேரளாந்தகன் திருவாசல், ராஜராஜன் திருவாசல் என்ற இரண்டு வாசல் கோபுரங்களும் விமானத்தைவிட உயரம் குறைந்தவை.

வடிவமும் வேறு. கோபுரத்தின் அடிப்பகுதி நீள்சதுரம். உச்சி, கவிழ்த்த வண்டிக்கூடு போல நீளமாக இருக்கும். அதன்மேல் வரிசையாகப் பல கலசங்கள். தஞ்சை விமானத்தின் அடி சதுரம். உச்சியில் எட்டுப் பட்டை கொண்ட சிகரம், அதன்மேல் ஒரே ஒரு கலசம். படத்தில் விமானத்தின் தலையில் வரிசையாகக் கலசங்கள் இருந்தாலோ, உடம்பெல்லாம் பல வண்ணச் சுதைச் சிற்பங்கள் இருந்தாலோ, வரைந்தவர் கோபுரத்தை மனதில் வைத்து வரைந்திருக்கிறார் என்று அர்த்தம்.

உயரம் 216 அடியா, 61 மீட்டரா?

விமானத்தின் உயரம் 216 அடி என்பது நாம் பள்ளியிலிருந்தே கேட்ட கணக்கு. அது சுமார் 66 மீட்டர். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியல் குறிப்பு 61 மீட்டர் என்கிறது. அளவை எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறோம், பீடத்தையும் கலசத்தையும் சேர்க்கிறோமா என்பதைப் பொறுத்து இப்படி எண்கள் மாறும். எனவே 3டி மாடல் செய்பவர் ஓர் இடத்திலிருந்து உயரத்தையும் இன்னோர் இடத்திலிருந்து அகலத்தையும் எடுத்து ஒட்டக்கூடாது. ஒரே அளவு வரைபடத்திலிருந்து இரண்டையும் எடுக்க வேண்டும்.

தோராயக் கணக்கு எளிது. அடிப்பகுதி ஒரு பக்கம் சுமார் 30 மீட்டர். உயரம் 61 மீட்டர் என்று வைத்தால், அகலத்தைப் போல இரண்டு மடங்கு. பிளெண்டர் போன்ற மென்பொருளில் கேமராவை `Orthographic` என்று மாற்றி நேர் எதிரே வைத்தால் தூரத்தால் வரும் சுருக்கம் இருக்காது. அந்தப் படத்தில் விமானம் 1000 பிக்சல் உயரம் என்றால், அடிப்பகுதி 490 பிக்சல் சுமாருக்கு வர வேண்டும்.

4:3 அளவில் எடுத்த படத்தை 16:9 தம்ப்நெயிலுக்குள் அப்படியே இழுத்து நிரப்பினால் என்ன ஆகும்? அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடும். 490 பிக்சல் அடி, 650 பிக்சலைத் தாண்டிவிடும். விமானம் குந்தி உட்கார்ந்தது போல ஆகிவிடும். ஓரத்தை வெட்டலாம், வானத்தைச் சேர்க்கலாம், இழுக்கக்கூடாது.

இன்னொரு பொறி இருக்கிறது. விமானத்தின் முன்னால் மண்டபம் மறைப்பதால், பலரும் மூலைப் பக்கமாக நின்றுதான் போட்டோ எடுப்பார்கள். சதுரத்தை மூலைவாட்டில் பார்த்தால் 30 மீட்டர் அடி, 42 மீட்டர் போலத் தெரியும். அந்தப் போட்டோவை அளந்து 'அகலம் இவ்வளவு' என்று மாடல் செய்தால், விமானம் நிஜத்தைவிடப் பருத்துவிடும்.

நேர்கோடா, வளைவா?

தஞ்சை விமானத்தின் பக்கவாட்டுக் கோட்டைக் கவனித்தால், கீழே செங்குத்தாக நிற்கும் இரண்டு அடுக்குச் சுவர் தெரியும். அதற்கு மேல் உச்சி வரை ஏறக்குறைய நேர்கோடாகச் சரிந்து போகும். ராஜேந்திர சோழன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரத்தில் அப்படி இல்லை. அங்கே 53 மீட்டர் விமானம் உள்வாங்கிய வளைவோடு மேலே எழும். தந்தை கட்டியதும் மகன் கட்டியதும் தூரத்திலிருந்தே வேறாகத் தெரிவது இந்த ஒரு கோட்டால்தான்.

3டி வேலையில் இந்த இரண்டும் கலந்துபோவது சர்வசாதாரணம். ஒரு தளத்தைச் செய்துவிட்டு, 'மேலே போகப்போக ஒவ்வொன்றும் முந்தையதில் இத்தனை சதவீதம்' என்று சுருக்கி அடுக்குவார்கள். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் சதவீதத்தில் சுருக்கினால் கீழே அதிகமாகவும் மேலே குறைவாகவும் சுருங்கும். பக்கக் கோடு தானாகவே உள்பக்கம் வளைந்துவிடும்.

எளிமைப்படுத்திய ஒரு கணக்கு: அடியில் 30 மீட்டர், உச்சித் தளத்தில் 10 மீட்டர், எல்லாத் தளமும் ஒரே உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரே அளவு மீட்டரைக் குறைத்தால் நடுவில் அகலம் 20 மீட்டர். ஒரே சதவீதத்தைக் குறைத்தால் நடுவில் 17.3 மீட்டர்தான். இடுப்பு கிட்டத்தட்ட 2.7 மீட்டர் ஒடுங்கிவிடும். கேட்டது தஞ்சை, வந்தது கங்கைகொண்ட சோழபுரத்தின் சாயல்!

சோதிப்பது சுலபம். போனில் படத்தைத் திறந்து, ஓர் அட்டையின் விளிம்பைச் செங்குத்துச் சுவருக்கு மேலுள்ள முதல் தளத்தின் ஓரத்திலும் கடைசித் தளத்தின் ஓரத்திலும் பொருத்துங்கள். நடுத் தளங்கள் அட்டையை ஒட்டியே வந்தால் தஞ்சை. நடுவில் பெரிய இடைவெளி தெரிந்தால் வளைவு புகுந்துவிட்டது.

சிகரம் உருண்டை இல்லை

உச்சியிலுள்ள சிகரத்தை உருண்டையாகச் செய்வது அடுத்த தப்பு. சிற்ப நூல் மரபில் வட்டச் சிகரம் வேசரம், எட்டுப் பட்டைச் சிகரம் திராவிடம். தஞ்சையில் இருப்பது எட்டுப் பட்டை. சரியாக எட்டு மூலை வைத்துச் செய்த பிறகும், `Shade Smooth` கொடுத்தவுடன் விளிம்புகள் மழுங்கி உருண்டை போலத் தெரியும். பட்டைகளின் விளிம்புகளை மட்டும் கூர்மையாக வைக்க வேண்டும். நேர் எதிரே நின்று பார்க்கும்போது மூன்று பட்டைகள் தெரியும். சம எண்கோணத்தில் நடுப்பட்டை மொத்த அகலத்தில் சுமார் 41 சதவீதம், இரண்டு பக்கமும் தலா 29 சதவீதம். மூன்றும் ஒரே அகலமாக இருந்தால் சிகரத்தைக் கணக்கில்லாமல் செய்திருக்கிறார்கள்.

கண்ணாடி பிம்பம் செய்தால் சமச்சீர் வந்துவிடுமா?

வராது. மரியாதைக் குறைவு நுழையும் இடமும் இதுதான். விமானத்தின் ஒட்டுமொத்த வடிவம் இடமும் வலமும் ஒத்தது. அதனால் பாதியைச் செய்து `Mirror` கொடுத்து மறுபாதியை உருவாக்குவார்கள். தளம், கொடுங்கை, சிகரம், அதன் கீழே நான்கு மூலையிலும் இரண்டிரண்டாக இருக்கும் நந்திகள் வரை இது சரிதான்.

சிற்பத்துக்கும் எழுத்துக்கும் இது ஆகாது. அடிப்பகுதியைச் சுற்றி ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் ஓடுகின்றன. பாதியைத் திருப்பினால் தமிழ் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பது போலத் தலைமாறிவிடும். தெய்வத்தின் வலக்கை ஆயுதம் இடக்கைக்குப் போகும். அர்த்தநாரியைத் திருப்பினால் இடப்பாகத்து அம்மன் வலப்பக்கம் வந்துவிடுவார். நடராஜர் தூக்கிய இடக்கால் வலக்காலாகும். மதுரை வெள்ளியம்பலத்தில் மட்டும் கால் மாறி ஆடியதாகத் தனிக் கதையே உண்டு; தஞ்சைப் படத்தில் அது வந்தால் பக்தர்கள் கேள்வி கேட்கத்தான் செய்வார்கள்.

கோயில் வளாகமும் சமச்சீர் கிடையாது. வடக்கே சண்டிகேசுவரர் சன்னதி, வடக்குப் பக்கம் தெற்கு நோக்கிய அம்மன் சன்னதி, வடமேற்கில் நாயக்கர் காலத்து முருகன் சன்னதி, தென்மேற்கில் பிள்ளையார் சன்னதி. 'அழகாக இருக்கட்டுமே' என்று வடக்கில் இருப்பதைத் தெற்கிலும் வைத்தால், இல்லாத சன்னதி ஒன்றைக் கட்டியதாகிவிடும். கட்டடத்துக்கு மட்டும் பிம்பம், சிற்பத்துக்கும் கல்வெட்டுக்கும் சன்னதிக்கும் தனித்தனி வேலை என்பதே சரியான வழி.

கேமரா செய்யும் குழப்பம்

மாடல் சரியாக இருந்தாலும் கேமரா கெடுத்துவிடலாம். தென்கிழக்கு மூலைப் பக்கமாக 90 மீட்டர் தள்ளி, ஆள் உயரத்தில், 35 மி.மீ. லென்ஸ் வைத்து, செல்போனுக்கான நெட்டுக்குத்துப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கேமரா நேராகப் பார்த்தால் சுமார் 48 மீட்டர் உயரம் வரைதான் படத்துக்குள் வரும். மேலே 13 மீட்டர், அதாவது சிகரமும் கலசமும் வெட்டுப்படும்.

உடனே பலரும் கேமராவை மேலே சாய்ப்பார்கள். சாய்த்தால் செங்குத்துக் கோடுகள் எல்லாம் உள்பக்கம் சாயும், உச்சி சிறுத்துப்போகும். விமானம் ஏற்கெனவே குறுகிக்கொண்டே போகும் வடிவம் என்பதால் இந்தத் தப்பு கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. கேமராவைச் சாய்க்காமல் `Shift Y` அளவை 0.3 என்று வைத்தால் போதும். படம் 75 மீட்டர் உயரம் வரை பிடிக்கும், கோடுகளும் நிமிர்ந்தே இருக்கும். கலசத்துக்கு மேல் கொஞ்சம் வானமும் மிஞ்சும். சேனல் லோகோ கலசத்தின்மேல் உட்காராமல் இருக்க அந்த இடம் தேவை. கீழே இருக்கும் இரண்டு அடுக்குச் சுவரின் ஓரம் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்த்தாலே, கேமரா சாய்ந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

நிழல் விழுமா, விழாதா?

'பெரிய கோயில் நிழல் தரையில் விழாது' என்பதை நம்பி, நிழலையே அணைத்துவிட்டு ரெண்டர் செய்பவர்கள் உண்டு. நிழல் விழும். டிசம்பர் கடைசியில் நண்பகலில் தஞ்சையில் சூரியன் சுமார் 56 டிகிரி உயரத்தில், தெற்கே இருக்கும். 61 மீட்டர் உயரத்தின் உச்சி நிழல், விமானத்தின் மையத்திலிருந்து வடக்கே சுமார் 41 மீட்டர் தள்ளி விழ வேண்டும். அடிப்பகுதியில் பாதி 15 மீட்டரைக் கழித்தாலும், சுவரைத் தாண்டி 26 மீட்டர் தரையில் நிழல் கிடக்கும். நண்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல் வரும் ஏப்ரல், ஆகஸ்ட் நாட்களில் மட்டும் நிழல் அடிப்பகுதிக்குள்ளேயே அடங்கிப்போகும். அந்தச் சில நாட்களின் காட்சியை வருஷம் முழுக்க நீட்டியதுதான் அந்த நம்பிக்கை.

அடுத்த முறை இப்படி ஒரு படம் வந்தால் ஃபார்வர்டு செய்வதற்கு முன் நாலு விஷயம் பாருங்கள்: உச்சியில் ஒரே கலசமா, பக்கக் கோடு நேராகச் சரிகிறதா, கீழ்ச்சுவர் நிமிர்ந்து நிற்கிறதா, கல்வெட்டு எழுத்து நேராக இருக்கிறதா. இதில் ஒன்று பிசகினாலும் அது தஞ்சையின் படம் அல்ல, தஞ்சை மாதிரி ஒன்று.