மணமேறியதும் இறந்துபோகிறவள்

1856இன் இந்து விதவை மறுமணச் சட்டத்தைப் புரட்சிகரமானது என்றுதான் பள்ளியில் படித்தோம். அதன் இரண்டாம் பிரிவைப் பாடப்புத்தகம் சொல்லவில்லை. மறுமணம் செய்துகொண்டால், முதல் கணவன் சொத்தில் அவளுக்கிருந்த உரிமை அன்றே முடியும். அவள் அன்று செத்துப்போனதாக வைத்துக்கொண்டு, கணவனின் அடுத்த வாரிசுகள் எடுத்துக்கொள்வார்கள். சட்டமே அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஒரு கையால் தாலியைக் கொடுத்து, மறு கையால் நிலத்தைப் பிடுங்கிக்கொள்கிற வேலை.

இதற்கு ஒரு தர்க்கம் இருந்தது. மனைவி கணவனின் பாதி உடல். அவன் போன பிறகும் அந்தப் பாதி உயிரோடிருப்பதால்தான் சொத்து அவளிடம் நிற்கிறது. வேறொருவனுக்கு மனைவியாகிவிட்டால் பாதி எங்கே?

சரி, மணம் செய்யாமலே ஒருவனோடு வாழ்ந்தால்? அசாமின் கேரி கோலிதானி வழக்கு இதுதான். கணவன் சொத்து கைக்கு வந்த பிறகு அவள் ஒழுக்கம் தவறினாள், ஆகவே சொத்து போக வேண்டும் என்றார் வாரிசுரிமை கோரிய மணிராம். கல்கத்தா உயர் நீதிமன்ற முழு அமர்வு அதை ஏற்கவில்லை. நீதிபதி துவாரகநாத் மித்தர் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். 1880இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் கோலிதானி பக்கமே நின்றது: ஒருமுறை கைக்கு வந்தது பிறகு வந்த ஒழுக்கக்கேட்டால் போகாது. ஆக, கள்ள உறவு வைத்துக்கொண்டவளிடம் நிலம் இருக்கும், ஊரறியக் கல்யாணம் செய்தவளிடம் இருக்காது. இதை யோசித்துத்தான் எழுதினார்களா என்று எனக்குச் சந்தேகம்.

மறுமணம் ஏற்கெனவே வழக்கத்திலிருந்த சாதிகளில் சிக்கல் இன்னும் கூடியது. அந்தப் பெண்களுக்கு 1856 சட்டம் தேவையே இல்லை. அப்புறம் அதன் தண்டனை மட்டும் எதற்கு? அலகாபாத் உயர் நீதிமன்றம் 1889இல் இப்படிக் கேட்டு, அவர்கள் சொத்தை வைத்துக்கொள்ளலாம் என்றது. சென்னையோ அதற்கு முன்பே, 1877இல், முருகாயி வழக்கில் மறவர் விதவைக்கு உரிமை போய்விட்டது என்று தீர்ப்பளித்திருந்தது. ஒரே சட்டம், எந்த ஊர் என்பதைப் பொறுத்து நிலம்.

1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் கணக்கை மாற்றியது. உயில் எழுதாத ஒருவன் தன் சொந்தச் சம்பாத்தியமான இரண்டு ஏக்கரை விட்டுவிட்டு இறக்கிறான், மனைவியும் ஒரு மகனும் மட்டும் வாரிசுகள் என்று வையுங்கள். அவன் இறந்த கணமே ஒரு ஏக்கர் அவளுக்கு முழு உரிமையாகிறது. அடுத்த மாசமே அவள் மறுமணம் செய்தாலும் மச்சினர் வந்து கேட்க முடியாது. 1856 சட்டம் 1983 வரை ஏட்டில் கிடந்தாலும், இந்த முழு உரிமைதான் மேலோங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் ஒரு கேரள வழக்கில் சொன்னது.

ஆனால் மாமனாருக்கு முன்பே இறந்த மகனின் விதவைக்குத் தேதிதான் எல்லாம். மாமனார் இறக்கும் நாளில் அவள் ஏற்கெனவே மறுமணம் செய்திருந்தால், 24ஆம் பிரிவுப்படி மருமகள் என்ற பங்கு கிடையாது. மறுநாள் தாலி கட்டியிருந்தால் உண்டு. அந்தப் பிரிவை 2005இல் எடுத்துவிட்டார்கள்.