மீட்டர் காணாத கால்சியம்: சிறு கட்டடக் கூலிங் டவரில் படிவை அறியும் முறை குறித்து

சிறிய வணிகக் கட்டடங்களில் கூலிங் டவர் நீரைக் கண்காணிக்கப் பெரும்பாலும் ஒரே ஒரு கருவிதான் இருக்கிறது: மின்கடத்துதிறன் மீட்டர். நீரில் உப்பு ஏறினால் கடத்துதிறன் கூடும். குறித்த எல்லையைத் தாண்டியதும் ப்ளோடவுன் வால்வு திறந்து கெட்டி நீரை வெளியேற்றும். புதுநீர் அதன் இடத்தை நிரப்பும். ஏற்பாடு எளிமையானது, மலிவானது. ஆனால் எந்தத் தீங்கைத் தடுக்க இது வைக்கப்பட்டதோ அந்தத் தீங்கு நேரும்போது, இந்த மீட்டரின் பிழை அதற்கே துணைபோகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

படிவு உண்டாகும் விதத்திலேயே இதற்கான காரணம் இருக்கிறது. நிலத்தடி நீரில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும். டவரில் நீர் காற்றோடு கலந்து விழும்போது கரியமில வாயு வெளியேறி, நீரின் காரத்தன்மை உயர்கிறது. கூடவே ஆவியாதல் கால்சியத்தைச் செறிவாக்குகிறது. சர்க்கரையைப் போலன்றி, கால்சியம் கார்பனேட்டின் கரைதிறன் சூட்டில் குறையும். ஆகவே நீர் மிகச் சூடாகத் தொடும் இடமான கண்டென்சர் குழாய்ச் சுவரில் அது முதலில் ஒட்டுகிறது.

ஒட்டிய உப்பு நீரில் இல்லை. எனவே மீட்டர் அதைக் காணாது. கால்சியமும் பைகார்பனேட்டும் கரைசலை விட்டு நீங்கியதால் கடத்துதிறன் குறைகிறது. கட்டுப்பாட்டுக் கருவி அதை 'நீர் நன்றாக இருக்கிறது' என்று எடுத்துக்கொண்டு ப்ளோடவுனைக் குறைக்கிறது. செறிவு மேலும் ஏறுகிறது, படிவும் வளர்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். சென்னையில் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருக்கும் ஒரு கட்டடம், 100 டன் சில்லர் என்று கொள்வோம். முழுச்சுமையில் மணிக்குச் சுமார் 570 லிட்டர் நீர் ஆவியாகும். புதுநீரில் லிட்டருக்குக் குளோரைடு 150 மி.கி., கால்சியக் கடினத்தன்மை 180 மி.கி. (கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டது). கடத்துதிறன் மீட்டர் நான்கரை மடங்கு செறிவு என்கிறது. சோதித்தால் சுழலும் நீரில் குளோரைடு 750 மி.கி., அதாவது ஐந்து மடங்கு. கால்சியமோ 650 மி.கி.தான், ஐந்து மடங்கானால் 900 இருந்திருக்க வேண்டும்.

குளோரைடு எங்கும் படிவதில்லை. அதனால் உண்மைச் செறிவுக்கு அதுவே சாட்சி. ஐந்து மடங்குச் செறிவில் ப்ளோடவுன் மணிக்கு 142 லிட்டர் (ஆவியாதலை, செறிவில் ஒன்று கழித்த எண்ணால் வகுத்தது). லிட்டருக்கு 250 மி.கி. குறைகிறதென்றால் மணிக்கு 36 கிராம் கார்பனேட் எங்கோ தங்குகிறது. நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால், 25 வேலைநாளில் 9 கிலோ. ஒரு பங்கு டவர் ஃபில்லில் சேரும். முழுவதும் 30 சதுர மீட்டர் குழாய்ப் பரப்பில் சீராகப் படிந்தால், தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். கைக்கு அகப்படாத அளவுதான். இருந்தும் அது குளிர்பதன வாயு ஒடுங்கும் வெப்பநிலையை ஏறக்குறைய முக்கால் பாகை உயர்த்தும். ஒவ்வொரு பாகைக்கும் கம்ப்ரஸர் மின்செலவு 2 முதல் 3 சதவீதம் கூடும்.

ஆகவே கால்சிய மடங்கைக் குளோரைடு மடங்கால் வகுத்துப் பார்ப்பதே சரியான அளவுகோல். ஒன்றுக்கு அருகில் இருந்தால் நல்லது. மேலே உள்ள கட்டடத்தில் அது 0.72. துளித்துளியாகச் சேர்த்து நிறமாற்றம் பார்க்கும் இரண்டு சோதனைப் பெட்டிகள் போதும். மாதம் ஒருமுறை பராமரிப்பவரே செய்யலாம். படிவுத் தடுப்பு மருந்து வேலை செய்கிறதா என்பதற்கும் இதுவே சோதனை: பாஸ்போனேட் கால்சியத்தை நீக்குவதில்லை, கரைசலிலேயே நிறுத்திவைக்கிறது, அது செயல்பட்டால் இரு மடங்குகளும் ஒத்துப்போகும். மருந்து விற்பவரின் மாத அறிக்கையில் இந்த ஒப்பீடு இல்லையென்றால் கேட்டு வாங்க வேண்டும்.

விகிதம் விழுந்தால் முதலில் செறிவை இறக்குவதே என் பரிந்துரை. ஐந்திலிருந்து மூன்றுக்கு இறக்கினால் மணிக்கு 143 லிட்டர் நீர் கூடுதலாகும். டேங்கர் நீர் வாங்குவோருக்கு இது கசக்கும். மென்னீராக்கி வைப்பது மாற்று வழி; ஆனால் கடினத்தன்மை முற்றிலும் நீங்கிய நீர், கால்வனைஸ் செய்த டவரின் துத்தநாகப் பூச்சை அரிக்கக்கூடும் என்பதால் சிறிது கடின நீரைக் கலந்துவிடுவது வழக்கம்.

இம்முறைக்கு எல்லைகள் உண்டு. கிருமி நீக்க ஹைப்போகுளோரைட் ஊற்றினால் அதுவே குளோரைடைக் கூட்டும். விகிதம் பொய்யாகத் தாழும். அங்கே குளோரைடுக்குப் பதில் மக்னீசியத்தை ஒப்பிடலாம். குளிர்பதன வாயு ஒடுங்கும் வெப்பநிலைக்கும் வெளியேறும் கண்டென்சர் நீரின் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளியையும் ஒரே சுமையில் குறித்துவர வேண்டும். சுத்தமான குழாயில் ஓரிரு பாகையாக இருந்த இடைவெளி நான்கைத் தாண்டினால் படிவைச் சந்தேகிக்கலாம். உள்ளே காற்று புகுந்திருந்தாலும் அது கூடும். சிலிக்கா படிவை இந்த விகிதம் காட்டாது. குழாயைத் திறக்கும்போது சுரண்டிய துகளில் ஒரு துளி நீர்த்த அமிலம் விட்டால் கார்பனேட் நுரைக்கும். நுரைக்கவில்லை என்றால் வழக்கமான அமிலக் கழுவல் பயன் தராமல் போகலாம். பகுப்பாய்வுக்கு அனுப்பாமல் அமிலம் ஊற்றுவது செம்புக் குழாயைத்தான் தேய்க்கும்.