கடன் பத்திர நிதியின் டியூரேஷன்

வட்டி மாறும்போது கடன் பத்திர நிதியின் விலை எவ்வளவு அசையும் என்பதைக் காட்டும் அளவே டியூரேஷன்; அது ஆண்டுகளில் சொல்லப்படும். டியூரேஷன் 6 என்றால், சந்தை வட்டி 1 சதவீதப் புள்ளி ஏறும்போது 100 ரூபாய் யூனிட் ஏறத்தாழ 94 ஆகும். புதிய பத்திரங்கள் அதிக வட்டி தருவதால், பழையவற்றை விலை குறைத்தால்தான் வாங்குவார்கள். இப்படி விலை குறைய, கடன் வாங்கியவர் யாரும் ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை.

அமெரிக்க மத்திய வங்கி வட்டியை வேகமாக உயர்த்திய 2022இல், அந்நாட்டின் முதன்மைப் பத்திரக் குறியீடு சுமார் 13% சரிந்தது. பத்திர நிதியை வைப்புநிதிபோல் நம்பியிருந்த சேமிப்பாளர் வரைபடத்தில் பெரும் பள்ளத்தைக் கண்டார். வங்கி வைப்புக்குத் தினசரி விலை போடுவதில்லை; அதனால் அங்கே பள்ளம் தெரியாது.

சரிவுக்குப் பின் நிதி கூடுதல் வட்டியில் மறுமுதலீடு செய்கிறது. வட்டி மேலும் ஏறாவிட்டால், டியூரேஷன் அளவு காலம் காத்திருப்பவருக்கு இழப்பு ஏறக்குறைய ஈடாகிவிடும். அடுத்த ஆண்டே பணம் தேவைப்படுபவருக்கு டியூரேஷன் 6 உள்ள நிதி பொருந்தாது.